அந்த 70 சதவீதம் எங்கிருந்து வந்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை மியூச்சுவல் ஃபண்டில் போடப் போவதாகவும், ஓராண்டு வருமானத்தில் முதலிடத்தில் 70 சதவீதத்தோடு நிற்கும் ஃபண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஓராண்டு வருமானம் என்பது இரண்டே இரண்டு நாட்களின் கணக்கு. ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கான விலையை என்ஏவி என்பார்கள்; இன்றைய என்ஏவி ஒன்று, போன வருடம் இதே நாளின் என்ஏவி ஒன்று. நடுவில் நடந்தது எதுவும் அதில் தெரியாது, அதற்கு முன்னால் நடந்ததும் தெரியாது. போன வருடம் இதே நாளில் சந்தை படுத்துக் கிடந்திருந்தால், இன்று எல்லா ஃபண்டும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

2020-ஐ நினைத்துப் பார். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று 3386-ல் இருந்தது. மார்ச் 23 அன்று 2237-க்கு விழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 23 அன்று 3910. டிவிடெண்ட் சேர்க்காமலே ஓராண்டு வருமானம் சுமார் 75 சதவீதம்! ஆனால் வீழ்ச்சிக்கு முன்பே, பிப்ரவரி 19 அன்று பணம் போட்டவருக்கு 2021 மார்ச் 23 வரை கிடைத்தது 15 சதவீதம் சொச்சம்தான்.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது அடுத்த மாதம் நடந்தது. 2021 ஏப்ரல் 23 அன்று குறியீடு 4180-க்கு ஏறிவிட்டது. ஆனால் ஓராண்டு வருமானமோ 75-லிருந்து சுமார் 49-க்கு இறங்கிவிட்டது. குறியீடு மேலே போகிறது, எண் கீழே போகிறது. காரணம் வேறொன்றுமில்லை. ஒரு வருடத்துக்கு முந்தைய தொடக்கப் புள்ளியும் ஒரு மாதம் நகர்ந்தது, அந்த ஒரு மாதத்தில் சந்தை 2237-லிருந்து 2797-க்கு மீண்டிருந்தது. நாட்காட்டி நகர்ந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

எல்லா ஃபண்டுக்கும் இதே தொடக்க நாள்தானே, ஒன்றோடொன்றை ஒப்பிடலாமே என்று நீ கேட்பாய். அங்கேதான் பெரிய சறுக்கல். கையில் ஒரு தாள் எடுத்துக்கொள், சுலபமான எண்களில் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஃபண்டுகள், இரண்டுக்கும் என்ஏவி 100. முதல் வருடம் சந்தை சரிகிறது: ஒன்று 60-க்கு விழுகிறது, இன்னொன்று 80-ல் நிற்கிறது. அடுத்த வருடம் முதல் ஃபண்ட் 102-க்கும், இரண்டாவது 112-க்கும் ஏறுகின்றன. இப்போது பட்டியலைப் பார். முதல் ஃபண்டுக்கு ஓராண்டு வருமானம் 70 சதவீதம், உச்சியில் இருக்கும். இரண்டாவதுக்கு 40, எங்கோ கீழே கிடக்கும். ஆனால் இரண்டு வருடம் வைத்திருந்தவருக்கு முதலாவது கொடுத்தது 2 ரூபாய், இரண்டாவது கொடுத்தது 12 ரூபாய். அதிகமாக விழுந்ததே முதலாவதை மேலே தூக்கிக் காட்டுகிறது. சரிவு முடிந்து சந்தை மீண்ட பிறகு வரும் பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கும். உன் 70 சதவீதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வந்தது.

அதனால் ரோலிங் வருமானத்தைப் பார். பத்து வருட மாதக் கடைசி என்ஏவிகளை, தொடக்கப் புள்ளியையும் சேர்த்து 121 எண்களை, எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதத்திலும் தொடங்கி மூன்று வருட வருமானத்தைக் கணக்கிட்டால் 85 கணக்குகள் கிடைக்கும். அதில் எத்தனை முறை அந்த ஃபண்ட் தன் பெஞ்ச்மார்க்கை, அதாவது அதை ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தைக் குறியீட்டை, தாண்டியது, மோசமான மூன்று வருடத்தில் எவ்வளவு கொடுத்தது என்று எண்ணிப் பார். பெஞ்ச்மார்க் டிவிடெண்ட் சேர்த்த குறியீடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபண்ட் சும்மாவே ஜெயித்த மாதிரி தெரியும். 85 என்பதைப் பார்த்து ரொம்பவும் நம்பிவிடாதே. அடுத்தடுத்த இரண்டு கணக்குகளில் 35 மாதங்கள் பொதுவானவை, ஒரே ஒரு நல்ல வருடம் பல கணக்குகளில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அப்புறம், ஃபண்ட் மேனேஜர் எப்போது வந்தார் என்றும் பார். அவர் போன வருடம்தான் வந்தார் என்றால், முந்தைய கணக்கெல்லாம் வேறொருவர் செய்த வேலை.

நீ தேர்ந்தெடுத்த ஃபண்ட் சந்தை கடைசியாகச் சரிந்தபோது எவ்வளவு விழுந்தது, அதன் பெஞ்ச்மார்க் எவ்வளவு விழுந்தது என்ற இரண்டு எண்களை மட்டும் முதலில் எடுத்து எழுது. மற்றதை இருவரும் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். அதுவரை பணத்தை வங்கியிலேயே விட்டு வை.

பேத்திக்கு என் முத்தம்.

உன் அன்பு நண்பன்