அட்டைக் கிரீடம் அல்ல, ஃபைபர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், சரித்திரத் தொடர்கள் பற்றிய டிவி விமர்சனத்தில், காசில்லாத அரசவை, அட்டைக் கிரீடம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியவர் எந்தக் கிரீடத்தைத் தட்டிப் பார்த்தாரோ! அது ஃபைபர். பதினோரு வருடம் சரித்திரத் தொடர்களில் காஸ்ட்யூமராக இருந்தவன் நான்.

ராஜாவின் உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதில் ஆண்கள் பெரும்பாலும் வெற்று மார்போடுதான் இருக்கிறார்கள்; இடுப்பில் துணி, மேலே நகை. ஒரு தொடருக்கு அந்தப் படத்தைக் காட்டி, பருத்தி வேட்டியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி வெள்ளையை மங்கவைத்துக் கொண்டுபோனேன். தைத்த அங்கியைவிட எவ்வளவோ மலிவு. "ராஜா மாதிரியே இல்லையே" என்றார்கள். ஹீரோவுக்கும் தொப்பையைக் காட்ட மனமில்லை. கடைசியில் சாட்டின் அங்கிதான் வந்தது. நிழலே விழாமல் அடிக்கும் சீரியல் லைட்டில் சாட்டினின் ஒவ்வொரு மடிப்பும் வெள்ளைக் கோடாக மின்னும். தெர்மாகோல் தூணைக் காட்டிக்கொடுப்பதும் அதே லைட்தான். பாதித் தூணை இருட்டில் விட்டால் கல் என்று நம்பலாம். ஆனால் ஷாட்டுக்கு ஷாட் லைட்டை மாற்ற நேரம் ஏது?

வசனம் செயற்கை என்றும் எழுதியிருக்கிறார். படப்பிடிப்பு அன்று காலையில்தான் வசனப் பேப்பர் கைக்கு வரும். கேமராவுக்குப் பின்னாலிருந்து ப்ராம்ப்டர் "ஒற்றர் கொணர்ந்த செய்தி" என்பார், மன்னர் அதைச் சொல்வார். "மெய்தானா அமைச்சரே" என்பார், அதையும் சொல்வார். மன்னர் மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிற்பது கம்பீரத்துக்காக அல்ல ஐயா, அடுத்த வரி காதில் விழுவதற்காக. அந்த இடைவெளியை மூடத்தான் அமைச்சர் முகம், தளபதி முகம், மறுபடி அமைச்சர் முகம். நேரமும் காசுதானே என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். வேட்டி விஷயத்தில் மட்டும் ஒப்ப மாட்டேன்.

அப்புறம், இந்தியில் எடுத்து டப் செய்த புராணத் தொடர்களுக்குத் தங்கள் பத்திரிகை பக்கம் பக்கமாகப் புகழ் பாடியபோதும் ஒரு கடிதம் போட்டேன். வெளியிடவில்லை. இடமின்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கங்களில் நடிகர்கள் போட்டிருந்த நகைகளுக்கு மட்டும் இடம் தாராளமாக இருந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விமர்சனத்தின் அடியில் இயக்குநர் பெயரோடு காஸ்ட்யூமர், ஆர்ட் டைரக்டர் பெயர்களையும் போடுங்கள். டைட்டிலில் ஓடத்தான் செய்கிறது, கொஞ்சம் வேகமாக ஓடும். திட்டுவதென்றாலும் பெயர் சொல்லித் திட்டட்டும். அப்படியே, கிரீடம் அட்டை இல்லை என்று ஒரு திருத்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காஸ்ட்யூமர் ஒருவர்