எக்கோ அறிக்கையில் வெளியேற்ற வீதத்தை எழுதும் முறை

உறுப்பினர்களுக்கு வணக்கம். மருத்துவர் சொல்லிப் பதிவுசெய்த எக்கோ முடிவுகளைப் படிவத்தில் தொகுக்கும்போது, எஜெக்ஷன் ஃபிராக்ஷன் எனும் வெளியேற்ற வீதத்தை, அளந்த முறையின் பெயரோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். சான்றாக, ஒரு பதிவில் இடது வென்ட்ரிக்கிள் விரிந்த நிலையில் 60 மி.மீ., சுருங்கிய நிலையில் 46 மி.மீ., எம்-மோடில் 46 சதவீதம் என்று வருகிறது. பிறகு நுனிப்பகுதி அசையவில்லை என்றும், சிம்ப்சன் முறையில் கொள்ளளவு 170 மி.லி.யிலிருந்து 110 மி.லி.யாகக் குறைந்து 35 சதவீதம் என்றும் சொல்லப்படுகிறது.

எம்-மோடு கோடு அடிப்பகுதிச் சுவர்களை மட்டுமே வெட்டிச் செல்வதால், நுனியின் பாதிப்பு அதில் தெரியாது. ஆகவே முடிவுரையில் 35 சதவீதமே இடம்பெற வேண்டும். இரண்டின் சராசரியை எழுதுவது தவறு. இதயத்தில் டிஃபிபிரிலேட்டர் போன்ற கருவி பொருத்தும் முடிவு பெரும்பாலும் இந்த 35 என்ற எல்லையையொட்டியே எடுக்கப்படுகிறது என்பதால் இதை வலியுறுத்துகிறோம்.

வால்வுகளில், மைட்ரல் கசிவு "லேசானது முதல் மிதமானது வரை" என்று சொல்லப்பட்டிருந்தால் அப்படியே எழுதுங்கள். சொல்லப்படாத வால்வை "இயல்பு" என நிரப்பாமல், கையொப்பத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.