நீர்க்கரடி காய்வதற்கு அவகாசம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் வந்த, நீர்க்கரடி என்ற நுண்ணிய பிராணி பற்றிய குறிப்பை என் பேரன் சத்தமாக வாசித்துக் காட்டினான். வேகவைத்தாலும் சாகாது, உறைய வைத்தாலும் சாகாது, கதிர்வீச்சும் ஒன்றும் செய்யாது, 120 வருடம் காய்ந்து கிடந்தாலும் எழுந்து நடக்கும் என்று அதில் இருந்தது. நான் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தப் பிராணியை எங்கள் வீட்டுச் சுவரிலேயே பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பிள்ளைகள் படிக்கிற பக்கம் என்பதால் இதை எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்சுவர் பழைய சுண்ணாம்புக் கட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் பாசி தடிப்பாகப் படரும். மாசி முடிவதற்குள் அதுவே பழுப்பாகிச் சுருண்டு, விரலால் தேய்த்தால் பொடியாகிவிடும். அந்தக் காய்ந்த பாசியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயர்த்து, தட்டில் பிடித்துவைத்த மழைநீரில் குப்புறப் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அது ஆகாது. காலையில் பாசியைப் பிழிந்து, அடியில் தங்கிய வண்டலை நுண்ணோக்கியில் 40 மடங்கில் வைத்துத் தேட வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உருண்டையான உடம்பு, நான்கு ஜோடிக் குட்டைக் கால்கள், நுனியில் நகங்கள். அசைந்து அசைந்து அது நடப்பதைப் பார்த்தால், 1773-ல் கோட்ஸே என்ற ஜெர்மன் பாதிரியார் ஏன் அதைக் கரடி என்று சொன்னார் என்பது புரியும்.

இது எப்படிக் காய்கிறது என்பதுதான் விஷயமே. பாசியில் ஈரம் குறையத் தொடங்கியதும் நீர்க்கரடி தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, நீளவாக்கில் சுருங்கி ஒரு குட்டிப் பீப்பாய்போல ஆகிறது. உடம்பின் மேற்பரப்பு குறைவதால் மிச்சமுள்ள தண்ணீர் இன்னும் மெதுவாக வெளியேறும். இந்தச் சுருங்கல் தானாக நடப்பதில்லை. தசைகள் வேலை செய்ய வேண்டும், அதற்குச் சக்தி வேண்டும். செல்களில் சக்தி உண்டாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் அது பீப்பாயாக முடியாமல் நீட்டியபடியே காய்ந்துவிடும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அதே நேரத்தில் செல்களுக்குள் ஒருவகைப் புரதங்கள் பெருகுகின்றன. தண்ணீர் போகப் போக அவை கூழாகி, கடைசியில் கண்ணாடிபோல இறுகி, செல்லின் உறுப்புகள் நொறுங்காமல் பிடித்துக்கொள்கின்றன. ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் இனத்துக்கு இந்தப் புரதங்களைச் செய்துகொள்ள ஈரக் காற்றில் பல மணி நேரம் வேண்டும். ஜப்பானில் சப்போரோ நகரத்துப் பாசியிலிருந்து எடுத்த ரமாசோட்டியஸ் என்ற இனமோ அவற்றை எப்போதும் தயாராக வைத்திருப்பதால் சட்டென்று காய்ந்தாலும் தாங்கும். எல்லா நீர்க்கரடியும் ஒன்றல்ல.

இதைப் பேரனுக்குக் காட்ட, போன தை மாதம் ஒரே பாசியிலிருந்து பன்னிரண்டு நீர்க்கரடிகளைப் பொறுக்கினோம். ஆறை ஒரு கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு விட்டு மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. மற்ற ஆறை ஈரமான வடிதாளில் பாசித் துணுக்குகளோடு வைத்து, டப்பா மூடியைச் சற்றே திறந்து விட்டோம். அது காய இரண்டு நாள் ஆனது. ஒரு வாரம் கழித்து இரண்டுக்கும் மழைநீர் விட்டோம். மெதுவாகக் காய்ந்தவற்றில் முதல் கால் அசைய முக்கால் மணி நேரம் ஆனது, சாயங்காலத்துக்குள் ஐந்து நடந்தன. விசிறியில் காய்ந்தவையும் தண்ணீரை உறிஞ்சி உப்பின. உப்பியதைப் பார்த்துப் பேரன் கைதட்டினான். ஆனால் உப்புவது உயிர் இல்லை, செத்த தோலும் தண்ணீர் குடிக்கும். நகம் எதையாவது பற்றுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மறுநாளும் ஒன்றுகூட அசையவில்லை, அப்புறம் உடம்பு கலங்கிச் சிதைந்தது. பையனுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

வேகவைத்தாலும் சாகாது என்ற வரிக்கு வருகிறேன். டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு வீட்டுக் கூரையின் மழைநீர்த் தகரத்திலிருந்து எடுத்த ரமாசோட்டியஸை வைத்துச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஈரத்தில் நடமாடும் நிலையில் 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் இருந்தால் பாதி செத்துவிடுகின்றன. நம் ஊர்ச் சித்திரைப் பகலில் சாதாரணமாக வருகிற சூடு அது! அதே பிராணி காய்ந்த பீப்பாயாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் பாதி சாவதற்கு ஏறக்குறைய 83 டிகிரி வேண்டும். ஒரு நாள் முழுக்க வைத்தால் 63 டிகிரி போதும். ஆக, எங்கள் சுவரில் வெயில் ஏறும்போது பாசி முன்னதாகவே காய்ந்திருப்பதுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. கோடையில் சுவர் சுடும்போது செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் பாசிமேல் படாமல் நான் பார்த்துக்கொள்வது அதனால்தான்.

120 வருடக் கதை, 1948-ல் இத்தாலியில் அருங்காட்சியகப் பாசி ஒன்றை நனைத்துப் பார்த்ததிலிருந்து வந்தது. அங்கே கண்டது ஒரே ஒரு பிராணியின் காலில் லேசான நடுக்கம், அவ்வளவுதான். சாதாரண அறைச் சூட்டில் காய்ந்து கிடந்து பிழைத்ததற்கு நல்ல சான்று அதிகம்போனால் இருபது வருடத்துக்குள்தான் இருக்கிறது. குளிரில் நிலைமை வேறு. 1983-ல் அண்டார்டிகாவில் எடுத்த பாசியை ஜப்பானியர்கள் மைனஸ் 20 டிகிரியில் வைத்து, 30 வருடத்துக்குப் பிறகு 2014-ல் எடுத்து நனைத்தார்கள். விழித்த இரண்டில் ஒன்று இருபது நாளில் இறந்தது. மற்றது 19 முட்டையிட்டது, 14 பொரித்தன. இது உண்மையாகவே பெரிய சங்கதி, குறிப்பில் இதைப் போட்டிருக்கலாம்.

கதிர்வீச்சில் ஒரு திருத்தம் உண்டு. மனிதரைக் கொல்லும் அளவைப்போலப் பல நூறு மடங்கை இவை தாங்குவது சரி. ஆனால் காய்ந்த நிலைதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஈரத்தில் நடமாடுபவையும் ஏறக்குறைய அதே அளவு தாங்குகின்றன. டி.என்.ஏ.வைப் போர்த்திக் காக்கும் ஒரு புரதமும், உடைந்ததை வேகமாக ஒட்டும் திறனும் அதற்குக் காரணங்கள். ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. பெரிய அளவில் கதிர்வீச்சு பட்டுப் பிழைத்தவை இடும் முட்டைகள் பொரிப்பதில்லை.

அடுத்த இதழில் இந்தத் திருத்தங்களைச் சிறுவர் பக்கத்திலேயே போடுங்கள், வாசகர் கடிதப் பகுதியைப் பிள்ளைகள் புரட்டுவதில்லை. இந்த மாசியில் எடுத்த பாசியைத் தேதி எழுதிக் காகித உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் மழைநீர் பிடித்ததும் நனைப்போம். எத்தனை எழுந்தன என்று எண்ணி எழுதுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.