அரைக் கட்டம் விலகிய தையல்: ஆலயச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் செயலவையினருக்கும்,

வணக்கம். பேராக்கில் நம்முடைய இந்தத் தோட்டப் பட்டணத்தில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். தேவார வகுப்பு எடுத்த பெண்ணை, திருவிழா இரவில் அவள் கையில்லாத, கழுத்து இறங்கிய உடையில் சந்நிதி முன் நின்றதாகச் சொல்லி, வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். ஆதாரம், புலனத்தில் சுற்றிய ஒரு படம். கையில்லாத உடை போட்டால்தான் என்ன என்பது வேறு வழக்கு, அதை இன்னொரு நாள் பேசலாம். அந்த உடையை வெட்டித் தைத்தவள் நான். படத்தில் இருப்பது நான் தைத்தபடி இல்லை, யாரோ படத்தை மாற்றியிருக்கிறார்கள். அதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அது கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தியில் தைத்த பஞ்சாபி சூட். முக்கால் கை, மூடிய கழுத்து. துணியை அவளே ஈப்போவில் வாங்கி வந்தாள். அளவு கொஞ்சம் குறைவு. கட்டம் கட்டத்தோடு சேரும்படி வெட்ட வேண்டுமானால் கூடுதலாகத் துணி வேண்டும், அது இல்லை. அதனால் இடது பக்கத் தையலில் முன்துணியின் கட்டமும் பின்துணியின் கட்டமும் அரைக் கட்டம் விலகி நிற்கும். கொடுக்கும்போதே "மன்னிச்சிக்கோம்மா" என்று சொல்லி ஐந்து வெள்ளி குறைத்தேன்.

இப்போது படத்தை எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, அவளுடைய இடது பக்கத்தைப் பாருங்கள். அவள் கொஞ்சம் திரும்பி நிற்பதால் பக்கத் தையல் தெரிகிறது. கீழ் ஓரத்திலிருந்து இடுப்பு வரைக்கும் என்னுடைய தையல்தான். கட்டம் அரை விலகியிருக்கிறது. இடுப்புக்கு மேல் ஒரு சாண் போனதும் தையல் கோடே இல்லை. கட்டங்கள் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே துணி போல ஓடுகின்றன. பக்கத் தையல் அக்குளில் போய்த்தான் முடியும். நடுவழியில் நின்றுபோகும் தையலை இத்தனை வருடத்தில் நான் தைத்ததும் இல்லை, பிரித்ததும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தையலில் கட்டம் சேராமல் இருப்பது தில்லுமுல்லுக்கு அடையாளம் இல்லை. பாசார் மாலாமில் தொங்கும் சட்டைகளில் பாதி அப்படித்தான் இருக்கும். தையல் இல்லாத இடத்தில் கட்டம் உடைந்தாலோ, தையல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் உடையாமல் ஓடினாலோதான் சந்தேகப்பட வேண்டும். மார்புப் பக்கத்தில் நான் போட்ட டார்ட்டும் அப்படித்தான். பக்கத் தையலிலிருந்து கிளம்பிக் கூராக முடியும் அந்த மடிப்பில் கட்டக் கோடுகள் சாய்ந்து ஒன்றோடொன்று முட்டும். படத்தில் அந்த இடம் இஸ்திரி போட்ட மேசை விரிப்பு மாதிரி நேராக இருக்கிறது. உடம்பின் மேல் கிடக்கும் துணி அப்படி இருக்காது.

அப்புறம் கை. கையில்லாத மேலாடை தைத்தால் கைச்சுற்றின் வெட்டு ஓரத்தைப் பிரிய விடாமல் ஒரு பட்டி வைத்து மடித்து அடிக்க வேண்டும். ஓரத்தை ஒட்டியே அந்த அடித்த கோடு தெரியும். படத்தில் ஓரமும் இல்லை, அடித்த கோடும் இல்லை. துணி அப்படியே தோலுக்குள் கரைகிறது. தோளில் கிடக்கும் சங்கிலியும் அங்கே வந்ததும் இரண்டு விரற்கடை காணாமல் போய் மறுபடி வருகிறது.

எனக்கு முதலில் பட்டது இது எதுவும் இல்லை, நிழல்தான். அன்றைக்கு ஜிங்க் கூரைக் கொட்டகையின் வலப்பக்கக் கம்பத்தில் பெரிய விளக்கு கட்டியிருந்தீர்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் மூக்கு நிழல் இடப்பக்கம் விழுகிறது, இவளுடையதும் அப்படியே. ஆனால் இவளுடைய முழங்கைக்குக் கீழே கையைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அது வளையல் நிழல் இல்லை, வளையல் மணிக்கட்டில் கிடக்கிறது. முக்கால் கையின் ஓரம் தோலில் போட்ட நிழல் அது. கையை அழித்தவர் அதன் நிழலை அழிக்க மறந்துவிட்டார்.

நிழலிலும் அவசரப்படக் கூடாது. திருவிழாவில் நாலு பக்கமும் விளக்கு, கூடவே கைப்பேசியின் பிளாஷ். ஒரே ஆளுக்கு இரண்டு நிழல் விழலாம். அதனால் ஒருவருடைய நிழலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், பக்கத்தில் நிற்பவருடைய நிழலோடு ஒப்பிட வேண்டும். இங்கே நிழல் இருக்கிறது, அதைப் போட்ட பொருள் இல்லை. அதற்கு எத்தனை விளக்கு இருந்தும் பதில் கிடைக்காது.

துணியின் தன்மையைப் பற்றி மட்டும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கைத்தறியில் நூல் அங்கங்கே தடித்திருக்கும். கீழ்ப்பாதியில் அது தெரிகிறது, மேல்பாதியில் மழமழவென்று பிளாஸ்டிக் போல இருக்கிறது. கட்டங்களும் அக்குள் பக்கம் போகப் போகச் சிறுத்து, கோடுகள் நெளிகின்றன. ஆனால் இரவில் எடுக்கும் படத்தைக் கைப்பேசியே மழுப்பும். புலனத்தில் அனுப்பும்போது படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். பத்துக் கை மாறிய படத்தில் நல்ல துணியும் பிளாஸ்டிக்காகத் தெரியும். ஒரே உடையில் பாதி சொரசொரப்பாகவும் பாதி வழவழப்பாகவும் இருப்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இப்போதைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதைவிடச் சுத்தமாக மாற்றும். அடுத்த படத்தில் நிழலும் சரியாக இருக்கும், தையலும் சரியாக இருக்கும். குற்றம் கண்டுபிடிக்க முடியாததால் படம் உண்மை என்று ஆகிவிடாது. அதனால் படத்தை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் எடுத்தவர் யார் என்று கேட்டு, அவருடைய கைப்பேசியில் இருக்கும் மூலப் படத்தையே பாருங்கள். எடுத்த நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கும், புலனத்தில் வந்த நகலில் அவை அழிந்திருக்கும். அதே இரவில் அதே இடத்தில் மற்றவர்கள் எடுத்த படங்களையும் கேளுங்கள். நான் கேட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்றிலும் முக்கால் கை, மூடிய கழுத்து. நீங்களும் கேட்டிருக்கலாம் ஐயா.

மாற்றியவர் யார் என்று நான் தேடப் போவதில்லை. அந்தப் பெண் போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு அந்த வேலையைப் பார்க்கட்டும். ஆனால் செயலவையின் புலனக் குழுவில் அந்தப் படம் இன்னும் கிடக்கிறது. அதன் கீழே நிறுத்தல் அறிவிப்பும் கிடக்கிறது. புகாருக்கு வேண்டிய நகலைப் போலீசில் கொடுத்தாயிற்று. இனி அந்தப் படத்தை எல்லோருக்குமாக அழித்துவிட்டு, அறிவிப்பை மீட்டுக்கொண்டதாக அதே குழுவில், அதே தலைவர் பெயரில் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கூட்டம் இருக்கிறதாமே, நான் வருகிறேன். வெட்டியதில் மிஞ்சிய துணித் துண்டு கடையில் இருக்கிறது, உடையை அவளுடைய அம்மா கொண்டுவருவார். இடது பக்கத் தையலை விரித்து மேசை மேல் வைக்கிறேன், அரைக் கட்டத்தை அளந்து பார்க்க ஒரு அளவு நாடா மட்டும் நீங்கள் வைத்திருந்தால் போதும். இல்லையென்றால் அதையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கோயில் வீதித் தையல்கார அக்கா