கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் 254: ஒரு தங்கைக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய தாளின் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். உங்கள் அத்தையின் ரத்தச் சர்க்கரைக் கணக்கு: இட்லி சாப்பிட்ட நாள், இரண்டு மணி நேரம் கழித்து 196. கேழ்வரகுக் கஞ்சி குடித்த நாள் 254. "உங்கள் வீடியோவைப் பார்த்துத்தானே அத்தைக்கு மாற்றினேன்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். தப்பு என்மேல்தான். "இட்லிக்குப் பதிலாகக் கேழ்வரகு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். எவ்வளவு, எந்த உருவத்தில் என்று சொல்லவே இல்லை.

நீங்கள் எழுதிய அளவையே எடுத்துக்கொள்வோம். முக்கால் தம்ளர் மாவு என்றால் ஏறக்குறைய 80 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் 55 கிராம் அளவுக்கு இருக்கும். நடுத்தர இட்லி நான்கில் 45 கிராம்தான். அதாவது, அத்தை இட்லியைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டிருக்கிறார், குடித்ததால் தெரியவில்லை. அரிசியைவிடக் கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம் என்பது உண்மை. மாவுச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதையும் நைசாக அரைத்து, கொதிக்கவைத்துக் கூழாக்கினால் வயிற்றுக்கு வேலையே இருக்காது, மளமளவென்று ரத்தத்துக்குப் போய்விடும். அப்புறம் கஞ்சியில் நீங்கள் போட்ட அந்தக் கருப்பட்டித் துண்டு. இரும்புச்சத்து, பாட்டி வைத்தியம் என்று ஆயிரம் சொன்னாலும், ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அது சர்க்கரைதான். 20 கிராம் துண்டு போட்டால் கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன் சர்க்கரை போட்ட கணக்கு.

இட்லியோடு சாம்பாராவது உள்ளே போனது. கஞ்சி வந்ததும் அதுவும் போய்விட்டது பாருங்கள்.

சரி, கேழ்வரகை விட வேண்டாம், அடையாக்குங்கள். அத்தைக்கு அரைத் தம்ளர் மாவு. அதில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு வெங்காயம், ஊறவைத்த பாசிப்பருப்பு இரண்டு ஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, தட்டி இரண்டு சின்ன அடையாகச் சுடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ இருக்கட்டும். அதே மாவில் பிள்ளைகளுக்கு நெய் விட்டு நாலு அடை போடலாம். அத்தைக்கென்று தனி அடுப்பு வேண்டாம். தனிச் சமையல் வீட்டில் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை. சமைப்பவருக்கும் சலிக்கும், சாப்பிடுபவருக்கும் ஏதோ ஒதுக்கிவைத்தது போல இருக்கும்.

மதியமும் இதே கதைதான். குழம்பு, பொரியல் எல்லாம் ஒரே சட்டியில் இருந்து வரட்டும், தட்டில் போடும் விகிதத்தை மட்டும் மாற்றுங்கள். அத்தை தட்டில் பாதி இடம் பொரியலுக்கு. சோறு ஒரு தம்ளருக்கு மேல் வேண்டாம், அதுவும் பொரியலைப் பாதி தின்ற பிறகு. காயை முதலில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை சற்றுக் குறைகிறது. உருளைக்கிழங்கு வறுவலும் கருணைக்கிழங்கும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் சேரும். "சாம்பாரில் பருப்பு இருக்கே" என்று கேட்டிருந்தீர்கள். நம் வீட்டுச் சாம்பாரில் கரண்டிக்கு எவ்வளவு பருப்பு வரும் என்று உங்களுக்கே தெரியும். புரதத்துக்குக் கெட்டியான கூட்டோ மீனோ தனியாக வேண்டும்.

ஒன்றே ஒன்றில் அவசரப்படாதீர்கள். அத்தை காலையில் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறார். அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். அளவைக் குறைக்கும் முன் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் எழுதுங்கள், நான் சொன்ன பருப்புக் கணக்கு முழுக்க மாறும்.

அடை கொடுக்கும் நாளில் சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். பலர் தட்டைக் கழுவிய நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். கஞ்சி நாளில் முதல் எண்ணை நீங்கள் எழுதவில்லை, அதனால் 254-இல் கஞ்சி ஏற்றியது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் அதே அடை, வேறு எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு மணி நேர எண் 180-க்குள் வருகிறதா பார்ப்போம். அத்தையின் வயதுக்கு டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

வீடியோவில் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, அடை தட்டுவதைப் புதிதாக எடுத்துச் சேர்க்கிறேன். கருப்பட்டியைப் பிடுங்கியது மருமகள் இல்லை, அந்த வீடியோக்காரிதான் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா