பதினாறு மடங்கு எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் "16 பிராசசர் இருந்தால் புரோகிராம் 16 மடங்கு வேகமாக ஓடும்" என்று ஒரு வரி வந்திருந்தது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே இந்த ஆசைக்குக் கணக்குச் சொல்லிவிட்டார். தங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. அப்புறம் எப்படி அச்சேறியது என்றுதான் புரியவில்லை.

நான் பாம்பனில் இருந்து தினமும் பஸ் ஏறி, ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். பாக் நீரிணையின் அலை உயரத்தைக் கணக்கிடும் மாணவர் புரோகிராம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரே பிராசசரில் 100 நிமிடம் எடுக்கும். அதில் 10 நிமிடம் காற்றுத் தரவைக் கோப்பிலிருந்து வரிவரியாகப் படிப்பதற்கும், முடிவை ஒரே கோப்பில் எழுதுவதற்கும் போகிறது. அந்த வேலையைப் பங்கு போட முடியாது. மீதி 90 நிமிட வேலை, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செய்வது. அதைத்தான் பங்கு போடலாம்.

16 பிராசசர் போட்டால் அந்த 90 நிமிடம் 5.6 ஆகும். முந்தைய 10 அப்படியே நிற்கும். ஆக 15.6 நிமிடம். எத்தனை மடங்கு வேகம் என்பதை S என்று வைத்தால், அம்டாலின் சூத்திரம் இப்படிச் சொல்கிறது:

`S = 1 / (0.1 + 0.9/16) = 6.4`

பதினாறு எங்கே, 6.4 எங்கே? நிஜத்தில் எங்களுக்கு 17 நிமிடம் ஆனது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஓர எண்களை மாற்றிக்கொள்ள ஒன்றுக்கொன்று காத்திருப்பதை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. ஆயிரம் பிராசசர் வாங்கினாலும் அந்த 10 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. அதாவது பத்து மடங்கைத் தாண்டாது. எங்கள் கரையில் மீனைத் தரம் பிரிக்க எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஏலம் கூறுபவர் ஒருவர்தானே!

இதே மாதிரி ஒரு வரியைப் படித்துவிட்டு, இன்னும் 16 வாங்கலாம் என்றது நிர்வாகம். 32 போட்டாலும் 12.8 நிமிடம்தான், 7.8 மடங்கு. அதற்குப் பதிலாகக் காற்றுத் தரவை எழுத்துக் கோப்பிலிருந்து பைனரிக்கு மாற்றினோம். 10 நிமிடம் 5 ஆனது. பழைய 16 பிராசசரிலேயே கணக்குப்படி 10.6 நிமிடம். செலவு, இரண்டு மாலைப் பொழுதும் டீக்காசும்.

பெரிய கடற்பரப்பைக் கொடுத்தால் கட்டங்களின் வேலை பெருகி, படிக்கும் நேரத்தின் பங்கு குறையும்; அப்போது அதிக பிராசசருக்கு அர்த்தம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லையே.

தங்கள் இதழுக்கு இது புதிதல்ல. பாம்பனில் கடல் ஏறி இறங்குவது 0.7 மீட்டருக்குள் என்று முன்பு எழுதியிருந்தேன். புள்ளியை விழுங்கி 7 மீட்டர் என்று போட்டீர்கள். ஊரே முழுகியிருக்கும். மறுப்புக் கடிதம் அனுப்பினேன், அது அச்சில் வரவேயில்லை. பாம்பன் படத்துக்குக் கீழே ராமேஸ்வரம் என்று போடுவதைப் பற்றி எழுதுவதை நானே விட்டுவிட்டேன்.

அதே பக்கத்தில் நான்கு வரியில் ஒரு திருத்தம் போட்டால் போதும். 6.4இல் உள்ள புள்ளியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன், பாம்பன்