பத்து கிலோமீட்டர் சரி, எந்தப் பக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புக் காலாண்டு விடைத்தாள் கொடுத்த மறுநாள் காலையில், பக்கத்து வீட்டுத் தம்பி மகளின் இயற்பியல் தாளை எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்துவிட்டார். நாட்டுப்படகு வைத்து வடகடலில் தொழில் செய்பவர். "சார், கணக்கு முழுக்கச் சரியாப் போட்டிருக்கா. பத்துன்னு வரணும், பத்துதான் வந்திருக்கு. அப்புறம் எதுக்கு அரை அரையா ரெண்டு இடத்துல பிடிச்சிருக்காங்க?" என்றார். மகள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

கேள்வி இதுதான்: ஒரு படகு மண்டபத்தின் வடகரையிலிருந்து நேர் வடக்கே 8 கி.மீ. போகிறது, பிறகு நேர் கிழக்கே 6 கி.மீ. போகிறது. மொத்தம் 2 மணி நேரம். கடந்த தொலைவு, இடப்பெயர்ச்சி, சராசரி வேகம், சராசரி திசைவேகம் என்ன?

அந்தப் பெண் எழுதிய விடைகள்: தொலைவு 14 கி.மீ., இடப்பெயர்ச்சி 10 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 7 கி.மீ., சராசரி திசைவேகம் மணிக்கு 5 கி.மீ. நான்கு எண்களும் சரி. முதலாவதும் மூன்றாவதும் ஸ்கேலர், அவற்றுக்கு எண்ணும் அலகும் போதும். மற்ற இரண்டும் வெக்டர், அவற்றுக்குத் திசையும் வேண்டும்; அவள் அதை எழுதவில்லை. அங்கேதான் அரை அரை போயிருக்கிறது.

நான் தம்பியிடம் வெக்டர் என்றெல்லாம் பேசவில்லை. "வலை போட்ட இடம் கரையிலேர்ந்து பத்து கிலோமீட்டர்னு மட்டும் சொன்னா, எடுக்கப் போவீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மண்டபத்தை நடுவில் வைத்து 10 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதில் பாதி வடகடல், பாதி தென்கடல், நடுவே கொஞ்சம் பாம்பனும் தரையும். மகள் எழுதிய விடைக்கு அந்த வட்டம் முழுவதும் பொருந்தும். மதிப்பெண்ணைக் குறைத்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் இன்னொன்றைச் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மகளுடைய தோழி '10 கி.மீ., 53° வடகிழக்கு' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாளாம்.

53 எப்படி வந்தது என்று பார்ப்போம். கிழக்கே 6, வடக்கே 8. கிழக்குத் திசையோடு ஆகும் கோணத்துக்கு tan θ = 8/6. அதிலிருந்து θ ஏறத்தாழ 53°. ஆக, கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக 53° திரும்ப வேண்டும். கிடைக் கோட்டிலிருந்து கோணம் எடுத்துப் பழகிய பிள்ளைகள் இப்படித்தான் எண்ணுவார்கள். ஆனால் தம்பியிடம் '53° வடகிழக்கு' என்று மட்டும் சொன்னால் என்ன செய்வார்? அவரே சொன்னார்: "காம்பஸ்ல வடக்குலேர்ந்துதான சார் எண்ணுவோம்?" வடக்கை 0 என்று வைத்துக் கிழக்குப் பக்கமாக எண்ணுவது அவர் வழக்கம். அவர் கணக்கில் அந்த இடம் 37°. 53 என்று திருப்பினால் படகு கிழக்கே 8, வடக்கே 6 கி.மீ. உள்ள இடத்தில் போய் நிற்கும். சரியான இடத்துக்கும் அதற்கும் இடையே சுமார் 2.8 கி.மீ. கடலில் அவ்வளவு தள்ளி நின்றுகொண்டு வலையின் மிதவையைத் தேடிப் பார்க்கட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெறும் 'வடகிழக்கு' என்றால் இரண்டுக்கும் சரிபாதி, 45° என்றுதான் பொருள். அதன் முன்னால் 53° போட்டால் சொல்லும் எண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 'கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 53°' அல்லது 'வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி 37°' என்று எழுதினால்தான் படிப்பவர் ஒரே இடத்துக்கு வருவார். படம் வரைந்து கோணத்தைக் குறித்திருந்தாலும் போதும்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் என்பதால் எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். திசை இல்லாத விடையைக் கண்டதும் சிவப்பு மை தானாகவே ஓடும் பழக்கம் எனக்கும் இருந்தது. படகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால் இடப்பெயர்ச்சி 0. சுழியத்துக்குத் திசை கிடையாது. அங்கே திசை கேட்டு மதிப்பெண் பிடித்தால் பிழை திருத்துபவருடையது. கேள்வியிலேயே 'எண்மதிப்பைக் காண்க' என்றிருந்தாலும் திசை எதிர்பார்க்கக் கூடாது. நேர்க்கோட்டு இயக்கத்தில் 'மேல்நோக்கி நேர்க்குறி' என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுக் கடைசியில் −5 மீ/வி என்று முடித்தால், அந்தக் கழித்தல் குறிதான் திசை. அதற்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். எதை நேர்க்குறியாகக் கொண்டோம் என்று எங்குமே சொல்லாமல் −5 என்றால்தான் சந்தேகம்.

திசையைக் கடைசியில் ஒட்டிவைக்கும் வாலாக நினைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு எண்ணே தப்பிப்போகும் இடமும் வரும். படகு வடக்கு நோக்கி மணிக்கு 10 கி.மீ. போகிறது, பிறகு அதே வேகத்தில் கிழக்கு நோக்கிப் போகிறது. திசைவேக மாற்றம் என்ன? வகுப்பில் பாதிப் பேர் 'சுழியம்' என்பார்கள், பத்திலிருந்து பத்தைக் கழித்து. புதிய திசைவேகத்திலிருந்து பழையதைக் கழிக்கும்போது வடக்கு தெற்காகத் திரும்பும். கிழக்கே 10, தெற்கே 10 என்று ஆகி, மாற்றம் தென்கிழக்கு நோக்கி மணிக்கு சுமார் 14 கி.மீ. இந்தக் கணக்கில் வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறியிருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லின் முதல் பாதியே திசை. இருந்தும் தமிழ்வழிப் பிள்ளைகள் அதை விட்டுவிடுவது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் தடுமாற்றம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு நாம் அது வரும் பக்கத்தை வைத்துப் பெயர் சொல்கிறோம். வாடை வடக்கிலிருந்து வருவது. வாடைக்காற்றின் திசைவேகத்தைக் கேட்டால் பிள்ளைகள் 'வடக்கு' என்று எழுதிவிடுவார்கள். வெக்டரின் அம்பு போகும் பக்கத்தைத்தான் காட்டும், ஆகவே 'தெற்கு நோக்கி' என்பதே விடை. நீரோட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை, அதை ஓடும் பக்கம் வைத்தே சொல்கிறோம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இடப்பெயர்ச்சியின் எண்மதிப்பையும் திசையையும் காண்க, திசையைக் கிழக்கிலிருந்து அளந்து குறிப்பிடுக' என்று கேள்வியிலேயே ஒரு வரி சேருங்கள். விடைக்குறிப்பில் திசைக்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன மதிப்பெண் போனதுதான். அவள் தோழிக்குக் கிடைத்த முழு மதிப்பெண்தான் எனக்கு உறுத்துகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.